சுவரொட்டி ஒட்டிய வீட்டில் ஒரு சாவு: அடர் விவரிப்பு என்றால் என்ன?

1954-ல் கிழக்கு ஜாவாவின் பாரே என்ற சிறு நகரத்தில், பத்து வயது இருக்கும் ஒரு சிறுவன் திடீரென்று இறந்துபோனான். பெற்றோர் வெளியூரில் இருந்தார்கள். அவன் உறவினர் வீட்டில் வளர்ந்துவந்தான். அங்கே சாவு என்றால் உடனே மோதினுக்கு ஆள் போகும். மோதின் என்பவர் இஸ்லாமிய முறைப்படி திருமணம், அடக்கம் போன்றவற்றை நடத்திவைக்கும் உள்ளூர் சமய அலுவலர். அவர் வந்தார். வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த ஒரு சுவரொட்டியைப் பார்த்தார். என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சுவரொட்டி பெர்மாய் என்ற கட்சியுடையது. மார்க்சியத்தையும் பழைய ஜாவா நம்பிக்கைகளையும் சேர்த்துக் குழைத்த ஒரு கட்சி. இஸ்லாமியக் கட்சிகளுக்கு அதைக் கண்டால் ஆகாது. மோதின் சொன்ன காரணம் கேட்க மரியாதையாகத்தான் இருந்தது: நீங்கள் வேறு மதத்தைச் சேர்ந்தவர்கள், உங்கள் முறையில் எப்படி அடக்கம் செய்வது என்று எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது இஸ்லாம் மட்டும்தான். வீட்டுக்காரருக்கு அதிர்ச்சி. கட்சியில் சேர்ந்தது பிள்ளையின் அடக்கத்தை நிறுத்தும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. உடல் அப்படியே கிடந்தது. வந்திருந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஊரில் அப்போது கள ஆய்வு செய்துகொண்டிருந்தவர் கிளிஃபோர்டு கீர்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர். இந்தச் சாவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1957-ல் வந்தது. பொருள்கோள் மானிடவியல் என்று பின்னால் பெயர்பெற்ற அணுகுமுறையின் வேர்களை இதிலேயே பார்க்கலாம். அவருடைய மிகப் புகழ்பெற்ற கட்டுரை பாலித் தீவின் சேவல் சண்டையைப் பற்றியது. ஆனால் இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு இந்தச் சாவுதான் நல்ல வாசல் என்பது என் எண்ணம். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் அடர் விவரிப்பு. இந்தத் தொடரைக் கீர்ட்ஸ் கில்பர்ட் ரைல் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதியிடமிருந்து எடுத்துக்கொண்டார். ரைல் சொல்லும் உதாரணம் இது. இரண்டு பையன்களின் வலது கண் சட்டென மூடித் திறக்கிறது. ஒருவனுக்கு அது தானாக வரும் துடிப்பு. இன்னொருவன் நண்பனுக்குக் கண்ணடிக்கிறான். மூன்றாவது ஒருவன் அவன் கண்ணடித்த லட்சணத்தைக் கேலி செய்து தானும் கண்ணை மூடித் திறக்கிறான். நாலாவது ஆள் நாளைக்குக் கேலி செய்வதற்காக இன்றைக்குக் கண்ணாடி முன் நின்று பழகுகிறான். படம் பிடித்தால் நாலும் ஒன்றுதான். கண் மூடித் திறந்தது என்று மட்டும் எழுதினால் அது மெல்லிய விவரிப்பு. யார், யாருக்கு, எந்த ஏற்பாட்டின்படி, எதைச் சொல்வதற்காக அதைச் செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் அது அடர் விவரிப்பு.

இங்கே பலர் சறுக்குவதுண்டு. அடர்த்தி என்றவுடன் நிறைய தகவல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இமை எத்தனை நொடி மூடியிருந்தது, எந்தத் தசை அசைந்தது என்று பத்துப் பக்கம் எழுதினாலும் அது மெல்லியதாகவே இருக்கும். கேலி என்று ஒரே வார்த்தையில் சரியாகப் பிடித்துவிட்டால் அதில் அடர்த்தி வந்துவிடுகிறது. ஒரு செயலுக்கு அர்த்தம் கொடுக்கும் பொது ஏற்பாடுகளின் அடுக்குகள் விவரிப்பில் வந்திருக்கின்றனவா என்பதுதான் அளவுகோல். அந்த ஏற்பாடுகள் ஒரு மனிதனின் தலைக்குள் ஒளிந்திருப்பவை அல்ல. கண்ணடித்தால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரிந்திருப்பதால்தான் கண்ணடிக்கவே முடிகிறது. பண்பாடு பொதுவெளியில் இருக்கிறது என்று கீர்ட்ஸ் அடித்துச் சொன்னது இதனால்தான்.

சரி, பாரேவுக்குத் திரும்புவோம். மெல்லிய விவரிப்பில் நடந்தது இவ்வளவுதான்: மோதின் மறுத்தார், அடக்கம் தாமதமானது, பெண்கள் அழுதார்கள். இதில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஏன் குலைநடுங்கியது என்பது வரவில்லை. அது புரிய, அங்கே சாவு வழக்கமாக எப்படி நடக்கும் என்று தெரிய வேண்டும்.

வழக்கமாக எல்லாம் வேகமாக, அமைதியாக முடியும். செய்தி கேட்ட அக்கம்பக்கத்தார் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். மோதின் சொல்லச் சொல்ல உடலைக் கழுவுவது, துணியில் சுற்றுவது, தொழுகை, அடக்கம் என்று சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். சத்தமாக அழக் கூடாது. அழுகை இறந்தவரின் வழியை மறிக்கும் என்பார்கள். துக்கப்படுகிறவர் எட்ட வேண்டிய நிலைக்கு இக்லாஸ் என்று பெயர்: நடந்ததை மனமாரப் போகவிட்டு, உள்ளுக்குள் சமனாகிவிடுவது. அப்புறம் சிலமத்தான் என்ற விருந்து. அண்டை வீட்டு ஆண்கள் வந்து பாயில் உட்காருவார்கள், சாம்பிராணி புகையும், வீட்டுக்காரர் உயர்நடை ஜாவா மொழியில் சில வார்த்தைகள் பேசுவார், அரபியில் பிரார்த்தனை நடக்கும், சாப்பாட்டில் கொஞ்சம் உண்டுவிட்டு மீதியை வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். 3, 7, 40, 100 என்று நாள் கணக்கில் நடந்து 1000-ஆவது நாள்வரை இந்த விருந்து தொடரும். யாரும் யாரையும் அழைத்துப் பெருமை காட்டுவதில்லை. பக்கத்தில் குடியிருப்பவர் எவரோ அவர்தான் விருந்தாளி. அவர் எந்தக் கட்சி, எவ்வளவு தொழுகிறார் என்ற கேள்விக்கு அந்தப் பாயில் இடமில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த நாளைப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மோதின் இல்லை, அதனால் யாரும் எழவில்லை. நேரம் போகப்போக ஆவி சுற்றிக்கொண்டிருக்குமே என்ற பயம். பெர்மாய் முறையில் செய்துவிடலாம் என்றால் அப்படி ஒரு முறை யாருக்கும் தெரியாது. கடைசியில் அருகில் குடியிருந்த ஒரு தையற்காரர் வேலையைக் கையிலெடுத்தார். பெற்றோர் வந்து சேர்ந்ததும் சிறுவனின் தாயும் அவனை வளர்த்த பெண்ணும் கட்டிப்பிடித்துக் கதறினார்கள். அங்கே அது வழக்கமே இல்லாத காட்சி. இஸ்லாமிய முறையில் அடக்கம் செய்யலாமா என்று தந்தையிடம் கேட்டார்கள். நான் பெரிதாக மதப்பற்று உள்ளவன் இல்லை, ஆனால் கிறிஸ்தவனும் இல்லை, சாவு என்று வந்தால் இஸ்லாமிய முறைதான், முழுக்க இஸ்லாம்தான் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அதன்படியே அடக்கம் நடந்தது. ஆனால் மூன்றாம் நாள் சிலமத்தானிலும் இறுக்கம் விடவில்லை. அக்கம்பக்கத்தாரோடு ஊரின் மற்ற பகுதிகளிலிருந்து கட்சிக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். துக்க விருந்தில் அரசியல் பேச்சு நடந்தது.

இப்போது ஒரு கேள்வி. சடங்கு ஏன் உடைந்தது? அன்றைய மானிடவியலில் செல்வாக்காக இருந்த பார்வைப்படி, சாவுச் சடங்கின் வேலையே சிதறப்போகும் குழுவை மறுபடி சேர்ப்பது. அது சேர்க்கவில்லை என்றால் ஒன்று மக்கள் நம்பிக்கை இழந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் சமூகமே கலைந்துகொண்டிருக்க வேண்டும். கீர்ட்ஸ் இரண்டையும் மறுத்தார். நம்பிக்கை போயிருந்தால் மோதின் மறுத்ததும் இத்தனை பேர் ஏன் தவிக்க வேண்டும்? சமூகம் கலையவும் இல்லை. கட்சி, தொழில், கொள்கை என்று புதிய பிணைப்புகள் உருவாகிக்கொண்டிருந்தன. 1955 தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

அவர் கண்ட விடை: சடங்குக்கு அர்த்தம் தரும் குறியீடுகள் ஒரு வாழ்க்கையைச் சொல்கின்றன, அந்த மக்கள் வாழ்வதோ வேறொரு வாழ்க்கை. பக்கத்து வீட்டில் இருப்பதே உறவு என்று சிலமத்தான் சொல்கிறது. பாரேவின் குடியிருப்பிலோ பக்கத்து வீட்டுக்காரர் எதிர்க்கட்சிக்காரர், தோழர் தெருத்தாண்டி இருக்கிறார். அதே குறியீடு இரண்டு பக்கமும் பேசத் தொடங்கிவிட்டது. இஸ்லாமியப் பிரார்த்தனை கடவுளை நோக்கியதாகவும் இருந்தது, மஷூமி போன்ற இஸ்லாமியக் கட்சிகளின் கொடியாகவும் இருந்தது. மோதின் மறுத்தபோது அவர் மதத்தைக் காத்தாரா, கட்சிக்கு வேலை செய்தாரா என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியாத நிலை. பண்பாடு ஒரு பாதையிலும் சமூக அமைப்பு இன்னொரு பாதையிலும் போகலாம், இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் இடையில் உள்ள உராய்வு தெரியும் என்பது கட்டுரையின் வாதம்.

மதத்தைக் குறியீடுகளின் அமைப்பாக வாசிப்பது என்பதன் முழு வடிவம் 1966-ல் அவர் தந்த வரையறையில் இருக்கிறது. மூலத்தில் அது ஒரே நீண்ட வாக்கியம். எளிமையாக்கினால் இப்படி வரும். மதம் ஒரு குறியீட்டு அமைப்பு. உலகம் அடிப்படையில் இப்படித்தான் இருக்கிறது என்று அது ஒரு படம் தருகிறது. அந்தப் படத்தை மறுக்க முடியாத நிஜம்போல் தோன்ற வைக்கிறது. அதனால் மனிதருக்குள் ஆழமான, நீடித்த மனநிலைகளும் உந்துதல்களும் ஊன்றுகின்றன, அவையும் இயல்பானவையாகவே தெரிகின்றன.

குறியீடு இரண்டு வேலை செய்கிறது என்பார் கீர்ட்ஸ். இருப்பதைக் காட்டும் மாதிரியாகவும் இருக்க வேண்டியதற்கு வழிகாட்டும் மாதிரியாகவும் அது நிற்கிறது. கட்டி முடித்த வீட்டை அளந்து வரைந்த படமும் வீடு கட்டக் கொத்தனார் கையில் கொடுக்கும் படமும் பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும். ஒன்று வீட்டைப் பின்பற்றுகிறது, மற்றதை வீடு பின்பற்றுகிறது. சிலமத்தான் இரண்டு படமும் ஆகிறது. நாம் எல்லாரும் ஒன்று, எவரும் எவருக்கும் மேல் இல்லை, ஆவிகளும் அமைதியாக இருக்கின்றன என்று உலகைக் காட்டுகிறது. நீயும் அப்படி அமைதியாகு, துக்கத்தைச் சமன்செய் என்று நடத்தையையும் வார்க்கிறது. சாவு, வலி, அநியாயம் ஆகிய இடங்களில்தான் மனிதருக்கு அர்த்தம் கைநழுவும். அங்கேதான் மதக் குறியீடுகள் அதிகம் தேவைப்படுகின்றன. துன்பத்தை மதம் நீக்குவதில்லை, எப்படித் துன்பப்படுவது என்று கற்றுத்தருகிறது. வரையறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இக்லாஸ் என்ற சொல்லை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பொருந்துகிறது என்று தெரியும்.

ஆனால் இதே வரையறையைத்தான் மானிடவியலாளர் தலால் அசத் 1983-ல் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனத்தைத் தவிர்த்துவிட்டு இன்று யாரும் கீர்ட்ஸைக் கற்பிக்க முடியாது. அசத்தின் முதல் கேள்வி: குறியீடு தானாகவே ஒருவருக்குள் மனநிலையை ஊன்றிவிடுமா? மத்தியகாலக் கிறிஸ்தவத்தைக் காட்டி அவர் சொன்னார்: பக்தியை உருவாக்கியது சட்டம், தண்டனை பயம், மடங்களின் ஒழுக்கப் பயிற்சி, குடும்பம், பள்ளி, நோன்பு. இவை எல்லாம் அதிகாரத்தின் வேலைகள். இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. மதம் என்றால் அர்த்தம், உள்மனம், உலகைப் பற்றிய நம்பிக்கை என்று பிரித்து, அரசியலையும் அதிகாரத்தையும் வேறு பெட்டியில் போடுவது எல்லாக் காலத்துக்கும் பொதுவானதா? இல்லை, அது சீர்திருத்தச் சபைகளுக்குப் பிந்தைய ஐரோப்பாவில் ஒரு குறிப்பிட்ட வரலாற்றில் உருவான பிரிவினை, அதை உலகம் முழுவதற்கும் மதத்தின் வரையறையாக நீட்டியிருக்கிறார்கள் என்றார் அசத். எந்தப் பேச்சு மதம், எது மூடநம்பிக்கை, எது மதத்தின் பெயரில் அரசியல் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் ஆராய வேண்டும் என்பது அவர் நிலை.

பாரேவில் இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் காட்சி மாறுகிறது. மோதின் வெறும் பக்திமான் அல்ல, பதவியில் இருப்பவர். இந்தோனேசியக் குடியரசு 1946-லேயே சமய அமைச்சகம் ஒன்றை அமைத்திருந்தது. யார் இஸ்லாமியர், யாருடைய நிக்காஹ் செல்லும், யாருக்கு அடக்கம் உண்டு என்பதெல்லாம் அலுவலகங்களில் முடிவாகும் காலம் வந்துவிட்டது. அந்தப் பார்வையில், நீங்கள் வேறு மதம் என்று மோதின் சொன்னது ஒரு குறியீட்டின் குழப்பம் மட்டுமல்ல. கட்சியாக இருந்த ஒன்றை வேறு மதம் என்று அறிவிக்கும் அதிகாரச் செயல் அது. கீர்ட்ஸ் தன் விவரிப்பில் இந்த விஷயங்களை மறைக்கவில்லை. கட்சிகள், பதவிகள், பகை எல்லாம் கட்டுரையில் இருக்கின்றன. ஒன்பது ஆண்டுகள் கழித்து எழுதிய வரையறையில்தான் அவற்றுக்கு இடமில்லாமல் போனது. அசத்தின் அடி சாவுக் கட்டுரையைவிட வரையறையின்மேல்தான் பலமாக விழுகிறது என்பது என் வாசிப்பு.

இன்னொரு விமர்சனம் ஜாவாவை நன்கு அறிந்தவர்களிடமிருந்து வந்தது. 1960-ல் வந்த ஜாவா மதம் பற்றிய நூலில் கீர்ட்ஸ் மக்களை மூன்றாகப் பிரித்தார். கிராமத்துச் சடங்குகளோடு வாழும் அபங்கான், இஸ்லாமியக் கடமைகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் சந்த்ரி, அரசு அதிகாரிகளின் மரபில் வந்த பிரியாயி. சிலமத்தான் இதில் அபங்கான் பக்கம், அதாவது மேலே இஸ்லாம் பூசிய பழைய வழக்கம் என்று வைக்கப்பட்டது. முதல் ஓட்டை: பிரியாயி என்பது சமூகத் தட்டு, மற்ற இரண்டும் மதப்போக்கு, ஒரே வரிசையில் வைக்க முடியாது. இரண்டாவது இன்னும் பெரியது. எது உண்மையான இஸ்லாம் என்ற அளவுகோலைக் கீர்ட்ஸ் அன்றைய சீர்திருத்த இஸ்லாமியர்களிடமிருந்து தெரியாமல் வாங்கிக்கொண்டார் என்று இஸ்லாமிய வரலாற்றறிஞர் மார்ஷல் ஹாட்சன் சொன்னார். யோக்யகர்த்தாவில் ஆய்வு செய்த மார்க் உட்வர்ட் 1989-ல் வந்த நூலில், சிலமத்தானிலும் ஜாவாவின் மறைஞான மரபிலும் சூஃபி இஸ்லாத்தின் வேர்கள் இருக்கின்றன என்று வாதிட்டார். அப்படிப் பார்த்தால், முழுக்க இஸ்லாம் என்று அந்தத் தந்தை சொன்னதைக் குழம்பிப்போன ஒருவரின் பதிலாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவர் தன் மதத்தைச் சரியாகவே பெயர்சொல்லி அழைத்திருக்கலாம். பொருள் கூறுகிறவர் யாரிடமிருந்து அகராதியை வாங்கினார் என்று கேட்காவிட்டால், அடர் விவரிப்பும் ஒரு தரப்பின் தீர்ப்பாகிவிடும்.

மூன்றாவது, இந்த முறையையே தொடும் கேள்வி: ஒரு வாசிப்பு தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊகம்தான், ஊகங்களை எடைபோடுவதுதான், பண்பாட்டு ஆய்வு என்றைக்கும் முடிவடையாதது என்று கீர்ட்ஸே ஒப்புக்கொண்டார். ஆனால் எடைபோடும் தராசு எது என்று அவர் தெளிவாகச் சொல்லவில்லை என்று பால் ஷாங்க்மன் போன்ற மானிடவியலாளர்கள் குறை சொன்னார்கள். அழகாக எழுதியவரின் வாசிப்பே நிற்கும் என்ற ஆபத்து இதில் உண்டு.

சேவல் சண்டைக் கட்டுரை மாட்டிக்கொள்வது இங்கேதான். பாலிக்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ளும் கதை அந்தச் சண்டை என்றார் கீர்ட்ஸ். எந்தப் பாலிக்காரர் அப்படிச் சொன்னார் என்று 1986-ல் மானிடவியலாளர் வின்சென்ட் கிராபன்சானோ கேட்டார். பெயரும் முகமும் உள்ள மனிதர்கள் அந்தக் கட்டுரையில் மெல்லமெல்லக் கரைந்து, பாலிக்காரர் என்ற ஒரே ஆள் மிஞ்சுகிறார். அவர் நினைப்பது என்னவென்று ஆசிரியர் சொல்கிறார். இன்னொரு மானிடவியலாளர் வில்லியம் ரோஸ்பெரி வேறு பக்கத்திலிருந்து வந்தார். சண்டையைப் பிரதியாக வாசிக்கும்போது, அதை எழுதிய கைகள் மறைந்துபோகின்றன: பெண்கள் விலக்கப்பட்டது, மன்னர்காலத்து வரி, காலனி ஆட்சி. 1965 இறுதியில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான படுகொலைகளில் பாலியில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டது கட்டுரையின் கடைசி அடிக்குறிப்பில்தான் வருகிறது. பாரே இருக்கும் கெடிரி வட்டாரத்திலும் அந்தப் படுகொலைகள் கடுமையாக நடந்தன.

சாவுக் கட்டுரை இந்தச் சோதனையில் மேலாகத் தேறுகிறது. அங்கே மோதின் ஒன்று சொல்கிறார், வீட்டுக்காரர் வேறு சொல்கிறார், தையற்காரர் வேலையைக் கையிலெடுக்கிறார், தந்தை தன் பதிலைச் சொல்கிறார். அவர்கள் ஒத்துப்போகவில்லை என்பதே கட்டுரையின் பொருள். அதனால் உட்வர்டைப் படித்துவிட்டு வருகிறவரும் கீர்ட்ஸின் முடிவை ஒதுக்கிவிட்டு, அவர் தந்த விவரங்களை வைத்தே வேறு வாசிப்பைக் கட்ட முடிகிறது. ஒரு அடர் விவரிப்பைக் கையில் எடுத்தால் முதலில் இதைப் பாருங்கள்: எழுதியவரோடு முரண்படத் தேவையான பொருள் அதிலேயே இருக்கிறதா, மக்கள் ஒருவரோடு ஒருவர் முரண்படுகிறார்களா, இல்லை எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்களா? ஒரே குரல் கேட்டால் அது பெரும்பாலும் ஆசிரியருடைய குரலாகவே இருக்கும்.

படிக்க நினைப்பவர்கள் சாவுக் கட்டுரையை முதலில் படிக்கலாம், அடுத்து வரையறைக் கட்டுரையை, அதோடு சேர்த்தே அசத்தை. சேவல் சண்டையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் மொழிநடை அவ்வளவு மயக்கும்; முதலில் படித்தவர்களுக்குக் கேள்வி கேட்கவே தோன்றாது.